முட்கள் ஒன்றுசேர்வது 22, செங்கோணம் 44: எந்தக் கேள்விக்கு எந்த வழி?

ஒரு நாளில் கடிகாரத்தின் நிமிட முள்ளும் மணி முள்ளும் எத்தனை முறை ஒன்றின்மேல் ஒன்று வரும்? சட்டென்று வாயில் வருவது 24. செங்கோணம் எத்தனை முறை? மணிக்கு இரண்டு, ஆக 48 என்று தோன்றும். இரண்டுமே தவறு. ஒன்றுசேர்வது 22 முறை, செங்கோணம் 44 முறை.

இந்த இரண்டு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் நிறைய உண்டு. ஆனால் கேள்வி சற்று மாறி, "3 மணி முதல் 9 மணி வரை எத்தனை முறை செங்கோணம் வரும்?" என்று கேட்டால் மனப்பாடம் கைகொடுக்காது. கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும். அதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டு எண்ணுவது ஒன்று. நிமிட முள் மணி முள்ளை எத்தனை சுற்று முந்துகிறது என்று பார்ப்பது இரண்டாவது. கோணத்துக்கான சூத்திரத்தில் எண்களைப் போட்டு நேரத்தைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. மூன்றும் சரியான வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு ஏற்றது. கேள்விக்குப் பொருந்தாத வழியைப் பிடித்தால் நேரமும் போகும், விடையும் ஒன்று கூடியோ குறைந்தோ வரும்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. நிமிட முள் ஒரு மணி நேரத்தில் முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி நகர்கிறது. நிமிடத்துக்கு 6 டிகிரி. மணி முள் ஒரு மணி நேரத்தில் 30 டிகிரிதான் நகர்கிறது. நிமிடத்துக்கு அரை டிகிரி. ஆகவே நிமிட முள் ஒவ்வொரு நிமிடமும் மணி முள்ளைவிட 5.5 டிகிரி கூடுதலாகப் போகிறது. இந்த 5.5 தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். 24 என்றும் 48 என்றும் தவறாகச் சொல்லும்போது நாம் மறந்துவிடுவது அந்த அரை டிகிரியை. மணி முள் அசையாமல் நின்றால் 24, 48 சரியாக இருந்திருக்கும்.

மணிவாரியாக எண்ணுவது

முதலில் ஒன்றுசேர்வதைப் பார்ப்போம். 12 மணிக்கு இரண்டு முட்களும் ஒன்றாக நிற்கின்றன. பிறகு 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஒரு முறை, 2க்கும் 3க்கும் இடையில் ஒரு முறை என்று ஒவ்வொரு மணியிலும் ஒரு தடவை சேர்ந்துகொண்டே போகும். 10க்கும் 11க்கும் இடையில் 10 மணி 54 நிமிடம் கடந்து சேரும். அடுத்தது 11க்கும் 12க்கும் இடையில் வரவேண்டும்.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. 11:55க்கு நிமிட முள் 11 என்ற எண்ணின்மேல் இருக்கிறது. ஆனால் மணி முள் அங்கே இல்லை. அது 55 நிமிடங்களில் 27.5 டிகிரி நகர்ந்து, கிட்டத்தட்ட 12ஐத் தொட்டுவிட்டது. அதைப் பிடிக்க நிமிட முள்ளுக்கு இன்னும் 27.5 டிகிரி வேண்டும். நிமிடத்துக்கு 5.5 டிகிரி என்றால் சரியாக 5 நிமிடம். அப்போது மணி 12. ஆகவே 11க்கும் 12க்கும் இடைப்பட்ட நேரத்தில் சேர்க்கையே கிடையாது. அந்தச் சேர்க்கை 12 மணிச் சேர்க்கைதான். 12 மணி நேரத்தில் 11 முறை, ஒரு நாளில் 22 முறை.

செங்கோணத்தில் இதே சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. பெரும்பாலான மணிகளில் செங்கோணம் இரண்டு முறை அமையும். 2 மணியை மட்டும் அருகில் போய்ப் பாருங்கள். 2:27 அளவில் முதல் செங்கோணம் வந்துவிடும். இரண்டாவதற்காகக் காத்திருந்தால், 2:55க்குக்கூட அது வந்தபாடில்லை. அப்போது நிமிட முள் 330 டிகிரியில், மணி முள் 87.5 டிகிரியில், இடைப்பட்ட சிறிய கோணம் 117.5. அது 90க்குக் குறைய இன்னும் 27.5 டிகிரி, அதாவது 5 நிமிடம் வேண்டும். சரியாக 3 மணி ஆகிவிடும். 2 மணிக்கு உரியதாக நாம் எதிர்பார்த்த இரண்டாவது செங்கோணமும் 3 மணியின் முதல் செங்கோணமும் ஒன்றே. 8க்கும் 9க்கும் இடையிலும் இதே கதை. அங்கே அது 9 மணியில் போய் விழுகிறது. ஆக 12 மணி நேரத்தில் 24இலிருந்து இரண்டைக் கழித்து 22. ஒரு நாளில் 44.

ஏன் 22, ஏன் 44 என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் முட்களைக் கையால் திருப்பக்கூடிய ஒரு கடிகாரத்தில் இதிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஆனால் விடை காண்பதற்கு இதை மட்டும் நம்பக்கூடாது. மணி மாறும் எல்லையில் விழும் 12, 3, 9 ஆகிய மூன்றையும் இரண்டு பக்கத்திலும் எண்ணிவிடும் ஆபத்து இதில் எப்போதும் உண்டு. எண்ணுவதாக இருந்தால் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மணி தொடங்கும் நொடி அந்த மணிக்குச் சொந்தம், முடியும் நொடி அடுத்த மணிக்குச் சொந்தம். 3:00 என்பது 3 மணிக் கணக்கில் மட்டுமே வரும். இந்த விதியை நடுவில் மாற்றாமல் இருந்தால் தவறு வராது.

சுற்று வித்தியாசம்

எத்தனை முறை என்று மட்டும் கேட்டால் இந்த வழியைத்தான் எடுக்கவேண்டும். ஒரு நாளில் நிமிட முள் 24 சுற்று சுற்றுகிறது. மணி முள் 2 சுற்று. வித்தியாசம் 22. வட்டப் பாதையில் ஓடும் இரண்டு பேரில் வேகமாக ஓடுகிறவர் மெதுவாக ஓடுகிறவரை எத்தனை முறை முந்துவார் என்பதுபோல்தான் இது. ஒவ்வொரு முறை ஒரு முழுச் சுற்று முந்தும்போதும் ஒரு தடவை ஒன்றுசேரும், ஒரு தடவை நேரெதிராக நிற்கும், இரண்டு தடவை செங்கோணமாகும். ஆகவே சேர்வது 22, நேரெதிர் 22, செங்கோணம் 44. ஒரு வரியில் முடிந்துவிட்டது. எல்லைச் சிக்கலும் இல்லை. 3 மணியும் 9 மணியும் தாமாகவே சரியான இடத்தில் அடங்கிவிடுகின்றன.

இடைவெளியும் இதிலிருந்தே கிடைக்கும். ஒரு சுற்று முந்த 360ஐ 5.5ஆல் வகுக்கவேண்டும்: 65 5/11 நிமிடம். இரண்டு சேர்க்கைகளுக்கு இடையே எப்போதும் இதே நேரம்தான். செங்கோணத்துக்கு இதில் பாதி, 32 8/11 நிமிடம்.

இந்த வழியின் பலம் கேள்வி மாறும்போது தெரியும். நாளுக்கு ஒரே சுற்று சுற்றும் மணி முள் கொண்ட 24 மணி நேர முகப்புக் கடிகாரங்களும் உண்டு. அதில் எத்தனை முறை? 22 என்று மனப்பாடமாகச் சொன்னால் தவறு. நிமிட முள் 24 சுற்று, மணி முள் 1 சுற்று, வித்தியாசம் 23. சேர்வது 23, செங்கோணம் 46.

நேரம் தவறும் கடிகாரக் கணக்கும் இப்படித்தான். "முட்கள் உண்மையான நேரப்படி 65 நிமிடத்துக்கு ஒரு முறை சேர்கின்றன, கடிகாரம் நாளுக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது?" என்பது தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி. சேர்க்கைக்குச் சேர்க்கை அந்தக் கடிகாரம் காட்டுவது 65 5/11 நிமிடம். உண்மையில் ஆனது 65 நிமிடம். ஆகவே 65 நிமிடத்துக்கு 5/11 நிமிடம் முந்துகிறது. ஒரு நாளின் 1440 நிமிடங்களுக்கு அது 10 10/143 நிமிடம், அதாவது பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு சில நொடிகள்.

இந்த வழி தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. முந்தும் சுற்றுகள் முழு எண்ணாக வராதபோது, சுற்று எண்ணிக்கை மட்டும் விடை சொல்லாது. மேலே கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

3 மணி முதல் 9 மணி வரை 360 நிமிடம். அதில் நிமிட முள் 360 × 5.5 = 1980 டிகிரி முந்துகிறது; 5.5 சுற்று. இதில் முட்கள் எத்தனை முறை சேரும்? 5ஆ, 6ஆ? தொடக்க நிலையைப் பார்த்தால்தான் தெரியும். 3 மணிக்கு மணி முள் 90 டிகிரி முன்னால் நிற்கிறது. ஆகவே நிமிட முள் 90 டிகிரி முந்தியதும் முதல் சேர்க்கை. பிறகு ஒவ்வொரு 360க்கும் ஒன்று: 90, 450, 810, 1170, 1530, 1890. அடுத்தது 2250, அது 1980ஐத் தாண்டிவிட்டது. விடை 6. அரைச் சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டு 5 என்று எழுதினால் தவறாகியிருக்கும்.

செங்கோணத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. 1980ஐ 180ஆல் வகுத்தால் சரியாக 11. ஆனால் 3:00, 9:00 இரண்டுமே செங்கோணங்கள். 11 என்பது செங்கோணங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கை. பதினொரு இடைவெளிக்கு இரண்டு முனையையும் சேர்த்துப் பன்னிரண்டு புள்ளிகள். "3 முதல் 9 வரை, இரண்டையும் சேர்த்து" என்றால் 12. "3க்கும் 9க்கும் இடையில்" என்று கறாராகக் கேட்டால் முனைகள் இரண்டும் போய் 10. மூன்று விடைகளுமே ஏதோ ஒரு பொருளில் நியாயமானவை என்பதால்தான் இந்தக் கேள்வியில் சண்டை வருகிறது. கேள்வி எழுதுகிறவர் முனைகளைச் சேர்க்கவேண்டுமா என்று சொல்லிவிடுவதுதான் முறை. நாள் முழுவதற்குமான கணக்கிலும் இது உண்டு: நள்ளிரவு 12 முதல் மறுநாள் நள்ளிரவு 12 வரை இரண்டு முனையையும் எண்ணினால் சேர்க்கை 23 ஆகிவிடும். அந்தக் கடைசிச் சேர்க்கை மறுநாளுக்கு உரியது. செங்கோணத்தில் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் 12 மணி செங்கோணம் அல்ல.

சூத்திரம்

எத்தனை முறை என்பதை விட்டு, எப்போது என்று கேட்டால் சூத்திரத்துக்குப் போகவேண்டும். H மணி M நிமிடத்தில் முட்களுக்கு இடையேயான வித்தியாசம் |30H − 5.5M| டிகிரி. 12 மணிக்கு H = 0 என்று போடவேண்டும்; 12 என்று போட்டால் 360 டிகிரி கூடிக் குழப்பும்.

4க்கும் 5க்கும் இடையில் செங்கோணம் எப்போது? 30 × 4 = 120. நிமிட முள் பின்னால் இருக்கும்போது 120 − 5.5M = 90, ஆகவே M = 30 ÷ 5.5 = 5 5/11. நிமிட முள் முன்னால் போனபின் 5.5M − 120 = 90, ஆகவே M = 210 ÷ 5.5 = 38 2/11. விடை 4 மணி 5 5/11 நிமிடம், 4 மணி 38 2/11 நிமிடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 32 8/11 நிமிடம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அது வராவிட்டால் எங்கோ தவறு.

இதே முறையில் 10க்கும் 11க்கும் இடையில் போட்டால் பலர் மாட்டிக்கொள்வார்கள். 300 − 5.5M = 90 என்றால் M = 38 2/11. சரி. 5.5M − 300 = 90 என்றால் M = 390 ÷ 5.5 = 70 10/11. ஒரு மணியில் 70 நிமிடம் கிடையாது. உடனே "10 மணியில் ஒரே ஒரு செங்கோணம்தான்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். விட்டுப்போனது 270. வித்தியாசம் 270 என்றாலும் மறுபக்கம் 90தான். 300 − 5.5M = 270 என்று போட்டால் M = 5 5/11. ஆகவே 10 மணி 5 5/11 நிமிடமும் செங்கோணமே. சூத்திரத்தைப் பயன்படுத்தும்போது 90, 270 இரண்டையும், இரு குறிகளோடும் போட்டுப் பார்த்து, 0இலிருந்து 60க்குள் வரும் M மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். சரியாக 60 வந்தால் அதை விட்டுவிடுங்கள். 2 மணிக்குப் போட்டால் 5.5M − 60 = 270 என்பது M = 60 தரும்; அது 3:00. முன்பு 2:55இல் கண்ணால் பார்த்த அதே விஷயம் இங்கே எண்ணாக வந்து நிற்கிறது.

இன்னொரு சறுக்கல், பின்னத்தைத் தசமமாக்கும்போது வருவது. 30 ÷ 5.5ஐக் கால்குலேட்டரில் போட்டால் 5.4545 என்று காட்டும். அதை 5 நிமிடம் 45 நொடி என்று எழுதிவிடுவார்கள். 5/11 நிமிடம் என்பது 300/11 நொடி, அதாவது 27 நொடிக்குச் சற்று மேல். பின்னமாகவே கடைசி வரை வைத்திருந்தால் இந்தத் தவறு எழாது. கடிகாரக் கணக்கில் பகுதியில் 11 வருவது இயல்பு. 11 வராத விடை கிடைத்தால், அது 12, 3, 6, 9 மணி போன்ற முழு நேரமாக இல்லாத வரையில், சந்தேகப்படலாம்.

எத்தனை முறை என்று கேட்கும் கேள்விக்கும் சூத்திரத்தை வைத்தே ஒவ்வொரு மணியாகப் போடலாம்தான். ஆனால் மணிக்கு நான்கு சமன்பாடு, 12 மணிக்கு 48 சமன்பாடு. ஒரே வகுத்தலில் முடிவதற்கு இது வீண் வேலை.

கணினியில் எண்ணினால்

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நிமிடமாகச் சோதித்து எண்ணிவிடலாம் என்று இறங்குவார்கள். விடை 2, 4 என்று வந்து திகைப்பார்கள். காரணம் அந்த 11 தான். முழு நிமிடத்தில் முட்கள் சேர்வது 12:00 மட்டுமே. செங்கோணமாவது 3:00, 9:00 மட்டுமே. நொடிவாரியாகச் சோதித்தாலும் இதே விடைதான், ஏனெனில் மற்ற எல்லா நேரங்களும் நொடியின் பதினொன்றில் சில பங்குகளில் முடிகின்றன. நேரத்தை 1/11 நிமிட அளவில் எடுத்து, கோணத்தை அரை டிகிரியில் அளந்தால் எல்லாம் முழு எண்ணாகிவிடும்:

```python
print(sum(t * 11 % 720 == 0 for t in range(1440)))      # 2
print(sum(t * 11 % 360 == 180 for t in range(1440)))    # 4
print(sum(s % 720 == 0 for s in range(1440 * 11)))      # 22
print(sum(s % 360 == 180 for s in range(1440 * 11)))    # 44
```

முதல் இரண்டு வரிகள் நிமிடவாரி எண்ணுவது, அடுத்த இரண்டும் சரியான அளவில் எண்ணுவது. தசமக் கோணத்தை 90க்குச் சமமா என்று நேரடியாக ஒப்பிடும் நிரலை நம்பவே வேண்டாம்.

எதை எடுப்பது

கேள்வியில் "எத்தனை முறை" என்று இருந்து, நேரம் முழுநாளாகவோ 12 மணி நேரமாகவோ இருந்தால் சுற்று வித்தியாசம். நேரம் ஒரு துண்டாக இருந்தால் அதே வழி, ஆனால் தொடக்கத்தில் முட்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டுதான் எண்ணவேண்டும். "எப்போது" என்றால் சூத்திரம். சொல்லிக்கொடுக்கவும், 3, 9, 12 எல்லைகளில் சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ளவும் மணிவாரி எண்ணிக்கை. ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் சுற்று வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். 5.5 என்ற எண்ணும் தொடக்க நிலையும் கையில் இருந்தால் சூத்திரம் சொல்லும் நேரங்களையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம்; 3 முதல் 9 வரையிலான கணக்கில் வந்த 90, 450, 810 ஆகியவற்றை 5.5ஆல் வகுத்தால் 3 மணிக்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் சேரும் என்பது கிடைத்துவிடுகிறது.

சுவரில் மாட்டிய கடிகாரத்தில் சரிபார்க்க நினைத்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழுதுபார்க்கக் கழற்றி மாட்டிய கடிகாரங்களில் மணி முள் சற்றுச் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கலாம். 12 மணிக்கு நிமிட முள் நேராக நிற்கும்போது மணி முள் 5.5 டிகிரி முன்னால் நின்றால், நிமிட முள் அதைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கூடுதலாகும். எல்லாச் சேர்க்கைகளும் எல்லாச் செங்கோணங்களும் சரியாக ஒரு நிமிடம் தள்ளிப்போகும்; சூத்திரம் சொல்லும் நேரம் எதுவும் பொருந்தாது. எண்ணிக்கை மட்டும் 22, 44 என்று அப்படியே இருக்கும், ஏனென்றால் முள்ளைச் சாய்த்து மாட்டினாலும் அது சுற்றும் வேகம் மாறுவதில்லை.